புகார் கைக்கு வந்துவிட்டது, ஒப்புகைக் கடிதத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: ஓசூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் எச்.ஆர். எக்சிகியூட்டிவாக இருக்கிறேன். பிரஸ் ஷாப் ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் மார்ச் 4, புதன்கிழமை, கைப்பட எழுதிய புகாரைக் கொடுத்தார். டிசம்பர், ஜனவரி ஓ.டி. பணம் சம்பளத்தில் வரவில்லை, அதைக் கேட்டதிலிருந்து சூப்பர்வைசர் தன்னைத் தொடர்ந்து மூன்றாவது ஷிஃப்டிலேயே போடுகிறார் என்கிறார். கடைசியில் ஒரு வரி: "பெண் ட்ரெய்னிகளிடமும் இவர் தப்பாகப் பேசுகிறார்." எங்கள் பிளாண்ட் மேனேஜர், "எழுதிக் கொடுத்தால் நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், கூப்பிட்டுப் பேசி முடி" என்கிறார். ஒப்புகைக் கடிதம் கொடுக்கலாமா? எத்தனை நாள் கெடு சொல்வது? ரகசியம் காப்போம் என்று எழுதலாமா? மேனேஜர் கையெழுத்துப் போட மறுத்தால் நான் போடலாமா?
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

கொடுங்கள். இந்தப் பதிலைப் படிக்கிற அன்றே கொடுங்கள். ஏற்கெனவே சில நாள் போய்விட்டது என்பதற்காகக் கடிதத்துக்கு மட்டும் முன்தேதி போட்டுவிடாதீர்கள். புகார் வந்த தேதி மார்ச் 4, கடிதம் எழுதும் தேதி இன்று. இரண்டும் தனித்தனியாகத் தெரியட்டும். முன்தேதியிட்ட கடிதம் பின்னால் எப்படியும் வெளிப்படும். டெஸ்பாட்ச் பதிவேட்டில் வரிசை எண் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பிறகு கோப்பில் இருக்கும் மற்ற தேதிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

உங்கள் மேனேஜருக்கு இருக்கும் பயம் பல இடங்களில் பார்த்ததுதான். ஒப்புகைக் கடிதம் சொல்வது, இன்ன தேதியில் இன்ன தாள் வந்து சேர்ந்தது என்பதை மட்டும்தான். அதில் இருப்பது உண்மையா பொய்யா என்று அது பேசவே கூடாது. அந்த அண்ணன் புகாரின் நகலை வைத்திருப்பார், கொடுக்கும்போது போனில் படமும் எடுத்திருப்பார். நாளை விஷயம் தொழிலாளர் துறைக்குப் போனால் அவரிடம் தாள் இருக்கும், கம்பெனியிடம் பதில் இருக்காது. "கூப்பிட்டுப் பேசினோம் சார்" என்பதற்கு அங்கே சாட்சி கிடையாது. பேசித் தீர்ப்பது நல்லதுதான், கடிதம் கொடுத்த பிறகும் தாராளமாகப் பேசலாம்.

அடுத்தது கெடு. இந்தக் கணக்கு அண்மையில் மாறியிருக்கிறது. தொழில் தகராறுகள் சட்டத்தின் 9சி பிரிவுப்படி குறைதீர்க்கும் குழுவுக்கு 45 நாள் இருந்தது. உங்கள் கம்பெனிக் கையேட்டில் இன்னமும் 45 என்றுதான் அச்சாகியிருக்கும் என்று நினைக்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020, நான்காம் பிரிவில் அதை 30 நாளாகக் குறைத்துவிட்டது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இந்தக் குழு இருக்க வேண்டும். நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில், மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல். பெண் தொழிலாளர்களுக்கு அவர்கள் விகிதத்துக்குக் குறையாத இடம். தலைவர் பதவி ஆண்டுக்கு ஒரு தரப்பாக மாறி மாறி வரும்.

முப்பது நாள் எண்ணத் தொடங்குவது விண்ணப்பம் வந்து சேர்ந்த நாளிலிருந்து. நீங்கள் ஒப்புகைக் கடிதம் கொடுத்த நாளிலிருந்து அல்ல. புது எச்.ஆர். ஆட்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கடிதம் தாமதமானால் கெடுவும் தள்ளிப்போகும் என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் விஷயத்தில் எண்ணிப் பாருங்கள். மார்ச் 4-லிருந்து முப்பதாவது நாள் ஏப்ரல் 3. இந்த ஆண்டு அன்று புனித வெள்ளி. அதனால் கடிதத்தில் ஏப்ரல் 2 என்று எழுதுங்கள், அதற்குள் முடிக்கும்படி வேலையையும் அமையுங்கள். "கூடிய விரைவில்", "தகுந்த காலத்தில்" என்றெல்லாம் எழுதினால் படிக்கிறவர் அதை இழுத்தடிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் அவர் எடுத்துக்கொண்டது சரியாகவும் இருக்கும்.

அந்தத் தேதி தாண்டினால் என்ன? சட்டத்தில் உடனடி அபராதம் ஏதும் சொல்லப்படவில்லை. ஆனால் குழுவின் முடிவு பிடிக்காவிட்டாலும், காலம் முடிந்தும் முடிவே வராவிட்டாலும், அவர் அறுபது நாளுக்குள் சமரச அலுவலரிடம் போகலாம். ஏப்ரல் 3-ஐ முடிவில்லாமல் கடந்தால் அவருக்கு ஜூன் 2 வரை அந்த வாசல் திறந்திருக்கும். இதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள். "நாமே போய் வழி காட்டுவதா?" என்று மேனேஜர் கேட்பார். அந்த அண்ணனின் சங்கத்துக்காரர் எப்படியும் சொல்லிவிடுவார். அதை நம் கடிதத்தில் பார்த்தால், மறைக்க ஏதுமில்லை என்று அவருக்குப் படும்.

கடிதம் எழுதும் முன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள்: உங்கள் குழு உயிரோடு இருக்கிறதா? நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் பட்டியலில் இருவர் வேலையை விட்டுப் போயிருப்பார்கள், ஒருவர் வேறு பிளாண்டுக்கு மாறியிருப்பார். அந்த சூப்பர்வைசரே நிர்வாகத் தரப்பு உறுப்பினராக இருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் இந்த விஷயத்தில் அவர் உட்காரக்கூடாது. அவருக்குப் பதில் யார் என்று முடிவாகிய பிறகே கடிதத்தில் குழுவைக் குறிப்பிடுங்கள்.

இனி, எல்லோரும் கண்ணை ஓட்டிவிட்டுக் கடந்துவிடக்கூடிய அந்தக் கடைசி வரி. மூன்று குறைகளும் ஒரே தாளில் வந்திருந்தாலும் மூன்றும் ஒரே இடத்துக்குப் போகக்கூடாது. ஓ.டி. பணமும் ஷிஃப்ட் பிரச்சினையும் குறைதீர்க்கும் குழுவுக்கு உரியவை. ட்ரெய்னிகள் பற்றிய வரி பாலியல் துன்புறுத்தல் தொடர்பானதாக இருக்கலாம். அப்படியானால் அது பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள உள்ளகப் புகார் குழுவின் வேலை. அதை எச்.ஆர். விசாரிக்கக்கூடாது, குறைதீர்க்கும் குழுவும் விசாரிக்கக்கூடாது. "தப்பாகப் பேசுகிறார்" என்றால் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுகிறாரா, அதைவிட வேறு ஏதாவதா என்று அந்த அண்ணனைக் கூப்பிட்டு நீங்களே துருவிக் கேட்கத் தொடங்கிவிடாதீர்கள். உள்ளகப் புகார் குழுவின் தலைவர் மூத்த பொறுப்பில் உள்ள பெண்ணாகத்தான் இருப்பார். அவரிடம் அந்த ஒரு வரியை மட்டும் தனித்தாளில் எழுதி, உறையில் ஒட்டி, நேரில் கொடுங்கள்.

உடன் வேலை செய்பவர் எழுதிய வரி அந்தப் பெண்களின் புகாராக ஆகிவிடாது. புகார் பாதிக்கப்பட்டவரிடமிருந்து எழுத்தில் வரவேண்டும். அவரால் முடியாத நிலையில் வேறொருவர் கொடுப்பதற்குத் தனி விதிகள் உண்டு. ஆனால் தகவல் காதில் விழுந்த பிறகு நிர்வாகம் சும்மா இருக்க முடியாது. பாதிக்கப்பட்ட பெண் போலீஸில் புகார் கொடுக்க விரும்பினால் அதற்கு உதவுவது முதலாளியின் கடமை என்று சட்டமே சொல்கிறது. ட்ரெய்னிகளும், அப்ரண்டீஸ்களும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறவர்கள்தான். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். இந்த வரி உங்கள் மேசை டிராயரில் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண்களின் கெடுவிலிருந்து கழிகிறது.

இதனால்தான் உங்களுக்கு ஒரு கடிதம் போதாது, இரண்டு வேண்டும் என்கிறேன். முதல் கடிதத்தை அந்த அண்ணன் கேன்டீனில் நாலு பேரிடம் காட்டுவார். அது அவர் உரிமை, தடுக்க முடியாது. அந்தக் கடிதத்தில் ட்ரெய்னி விஷயம் இருந்தால் மாலைக்குள் லைன் முழுக்க "யாரு அந்தப் பொண்ணு?" என்ற பேச்சுதான் ஓடும். எனவே முதல் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். குறைதீர்க்கும் குழு உறுப்பினர்களுக்கு அவர் புகாரின் நகலைக் கொடுக்கும்போதும் அந்த வரியை மறைத்துவிட்டுக் கொடுங்கள். அசல் தாள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

முதல் கடிதத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். நம்பர், பெயர்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம்.

"தேதி: …
பெறுநர்: திரு. …, ஆபரேட்டர், பிரஸ் ஷாப், டோக்கன் எண் …
பொருள்: 04.03.2026 அன்று தாங்கள் அளித்த குறை விண்ணப்பம் பெற்றுக்கொண்டது குறித்து.

அன்புடையீர், வணக்கம்.

தாங்கள் கைப்பட எழுதி அளித்த இரண்டு பக்க விண்ணப்பம் 04.03.2026 அன்று எங்களுக்குக் கிடைத்தது. உள்வரவுப் பதிவேட்டில் அதன் எண் … . தாங்கள் எழுப்பியுள்ள குறைகளில் பின்வரும் இரண்டும் குறைதீர்க்கும் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்படுகின்றன. ஒன்று, டிசம்பர் 2025, ஜனவரி 2026 மாதங்களில் தாங்கள் செய்த கூடுதல் நேர வேலைக்கான ஊதியம் வழங்கப்படவில்லை என்பது. இரண்டு, அதைக் கேட்ட பிறகு தங்களைத் தொடர்ந்து மூன்றாவது ஷிஃப்டில் நியமிப்பதாகத் தாங்கள் கூறுவது. இவற்றைத் தாங்கள் சொன்னபடி நாங்கள் புரிந்துகொள்ளவில்லை என்றால் அல்லது ஏதாவது விடுபட்டிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். தங்கள் விண்ணப்பத்தில் உள்ள மற்ற விவரம் குறித்துத் தனிக் கடிதம் தரப்படும்.

குழு மார்ச் மாதம் … தேதி தங்களைச் சந்தித்துக் கேட்கும். தாங்கள் இரவு ஷிஃப்டில் இருப்பதால், தங்களுக்கு வசதியான நேரத்தைக் கேட்டறிந்து நேரம் முடிவு செய்யப்படும். அந்த நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்படும். தங்களிடம் உள்ள ஓ.டி. சீட்டுகள், சம்பளச் சீட்டுகளின் நகல்களை எடுத்து வரலாம். அசல்களைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். தாங்கள் குறிப்பிட்டுள்ள அலுவலரின் விளக்கத்தையும் குழு கேட்கும். குழுவின் முடிவு 02.04.2026-க்குள் எழுத்துமூலமாகத் தங்களுக்குத் தரப்படும். முடிவு தங்களுக்கு ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ, உரிய காலத்துக்குள் முடிவு வராவிட்டாலோ, சட்டப்படி அறுபது நாட்களுக்குள் சமரச அலுவலரை அணுகலாம்.

தங்கள் விண்ணப்பத்தின் விவரங்கள் இதைப் பரிசீலிப்பவர்களுக்கும், பதிலளிக்க வேண்டியவர்களுக்கும், அவர்களுக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே தெரிவிக்கப்படும். தாங்கள் குறிப்பிட்டுள்ள அலுவலருக்குத் தெரிவிப்பதற்கு முன்பாகத் தங்களுக்குச் சொல்லப்படும். இந்த விண்ணப்பம் அளித்ததற்காகத் தங்களுக்கு எவ்விதத்திலும் பாதகம் நேரக்கூடாது. அப்படி நேர்வதாகத் தோன்றினால் உடனே என்னிடம் நேரிலோ எழுத்திலோ தெரிவியுங்கள்.

இந்தக் கடிதம் விண்ணப்பம் பெற்றதை உறுதிசெய்வதற்கே. குறைகள் குறித்து நிர்வாகம் இதுவரை எந்த முடிவுக்கும் வரவில்லை."

கீழே உங்கள் பெயர், பதவி, அவர் நேரடியாகக் கூப்பிடக்கூடிய எண். நகல் பெற்றதாக அவர் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் தமிழிலேயே போகட்டும். ஆபரேட்டருக்கு ஆங்கிலத்தில் எழுதிவிட்டு "படித்துப் புரிந்துகொண்டேன்" என்று கையெழுத்து வாங்கும் பழக்கம் நம் ஊர்க் கம்பெனிகளில் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் மரியாதை இல்லை.

கடிதத்தின் கடைசி வரி உங்கள் மேனேஜருக்காகவே போட்டது. அதைக் காட்டினால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். "தாங்கள் கூறுவது" என்ற பேச்சும் அதற்காகத்தான். "பழிவாங்கப்படுகிறீர்கள்" என்று எழுதினால் நாம் முடிவு சொன்னதாகிவிடும். "ஆதாரமற்ற குற்றச்சாட்டு" என்று எழுதினாலும் முடிவு சொன்னதாகத்தான் ஆகும். அவர் சொன்னதைச் சுருக்கும்போது கூர் மழுங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். "சம்பளம் மற்றும் ஷிஃப்ட் தொடர்பான சந்தேகங்கள்" என்று எழுதிப் பாருங்கள், அவர் கேட்டதிலிருந்து ஷிஃப்ட் மாறியது என்ற விஷயமே காணாமல் போயிருக்கும். அந்தத் தொடர்புதான் அவர் குறையின் உயிர்.

இரண்டாவது கடிதம் நாலே வரி. அவர் விண்ணப்பத்தின் கடைசிப் பகுதி கிடைத்தது, அது உரிய குழுவின் தலைவரிடம் தரப்பட்டுள்ளது, தேவைப்பட்டால் அவர்கள் நேரடியாகத் தொடர்புகொள்வார்கள், சம்பந்தப்பட்டவர்களின் நலன் கருதி இதை வேறு யாரிடமும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அதையும் உறையில் போட்டு நேரில் கொடுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு புகாரின் உள்ளடக்கத்தையும், பாதிக்கப்பட்டவர், எதிர்த்தரப்பினர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. அதனால் இங்கே மட்டும் ரகசியம் என்பது நம் நல்ல மனசைப் பொறுத்தது இல்லை, சட்டக் கட்டாயம்.

முதல் கடிதத்தில் ரகசியம் பற்றி நான் எவ்வளவு கஞ்சத்தனமாக எழுதியிருக்கிறேன் என்று பார்த்திருப்பீர்கள். "முழு ரகசியம் காக்கப்படும்" என்று எழுதவே எழுதாதீர்கள், உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. ஷிஃப்ட் போட்டது ஏன் என்று சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்டவுடன் யார் எழுதியது என்று அவருக்குத் தெரிந்துவிடும். தன்மேல் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் பதில் சொல்லவும் முடியாது. முழு ரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் அந்த சூப்பர்வைசர் லைனில் வந்து "என்னப்பா, என்மேல எழுதிக் குடுத்தியாமே" என்று கேட்டால், அதன்பிறகு அந்த அண்ணன் உங்களிடம் எதற்கும் வரமாட்டார். அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களும் வரமாட்டார்கள். யாரிடம் எவ்வளவு போகும், எப்போது போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் தயாராக இருப்பார்.

ரகசியம் கசிவது பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதால் நடப்பதில்லை, அலுவலகச் சோம்பலால் நடக்கிறது. உங்கள் விஷயத்தில் எங்கே கசியும் என்று சொல்கிறேன். ஓ.டி. கணக்கைப் பார்க்க பேரோல் ஆட்களிடம் கேட்க வேண்டும். ஸ்கேன் செய்த புகாரையே மெயிலில் இணைத்து, "பிளீஸ் செக்" என்று அனுப்பிவிடுவார்கள். பேரோலில் நாலு பேர் படிப்பார்கள், அதில் ஒருவர் அந்த சூப்பர்வைசரோடு ஒரே பஸ்ஸில் வருகிறவராக இருப்பார். பேரோலுக்குத் தேவை டோக்கன் எண்ணும் இரண்டு மாதமும் மட்டும்தான். "இந்த டோக்கனுக்கு டிசம்பர், ஜனவரி பஞ்ச் விவரம், அனுமதித்த ஓ.டி. மணி, கொடுத்த தொகை" என்று கேளுங்கள், போதும். பொருள் வரியில் "கிரீவன்ஸ்" என்று போடவேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்று, கடிதத்தைப் பிரஸ் ஷாப் அலுவலகப் பிரிண்டரில் அச்செடுக்காதீர்கள். தாள் ட்ரேயில் விழுந்து பத்து நிமிடம் கிடந்தாலே போதும். ஜெனரல் மேனேஜர், பிளாண்ட் மேனேஜர், ஷாப் இன்சார்ஜ் என்று வழக்கம்போலக் கீழே நீளமாக "நகல்" போடுவதையும் இந்தக் கடிதத்தில் விட்டுவிடுங்கள். குழுத் தலைவருக்கு ஒரு நகல், கோப்புக்கு ஒன்று.

சூப்பர்வைசருக்குச் சொல்வதற்கு முன்பு ஆவணங்களைப் பத்திரப்படுத்திவிடுங்கள். கடந்த நவம்பரிலிருந்து இன்றுவரையான ஷிஃப்ட் ரோஸ்டர், பயோமெட்ரிக் பஞ்ச் பதிவு, சூப்பர்வைசர் கையெழுத்திட்ட ஓ.டி. சீட்டுகள். ரோஸ்டர் பெரும்பாலும் எக்செல் கோப்பாக சூப்பர்வைசர் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். அதை ஐ.டி. ஆள் மூலம் நகலெடுத்து வைத்தால் பின்னால் "அப்படி எதுவும் இல்லையே" என்ற பேச்சு எழாது. அந்த ரோஸ்டரே பாதி உண்மையைச் சொல்லிவிடும். பிரஸ் ஷாப்பில் எல்லோரும் வாரம் ஒருமுறை ஷிஃப்ட் மாறும்போது இவர் மட்டும் ஆறு வாரம் தொடர்ந்து இரவிலேயே இருந்தால் கேள்வி எழுகிறது. அவரைப்போல் இன்னும் மூன்று பேர் அப்படியே இருந்தால், ஆள் பற்றாக்குறை போன்ற வேறு காரணம் இருக்கலாம்.

ஓ.டி. பகுதிக்கு முப்பது நாள் தேவையே இல்லை. பஞ்ச் பதிவையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு நாளில் தெரிந்துவிடும். ஒரு கற்பனைக் கணக்கு: டிசம்பரில் பஞ்ச்படி அவர் கூடுதலாக 22 மணி நேரம் இருந்திருக்கிறார், ஓ.டி. சீட்டு 16 மணிக்கு இருக்கிறது, சம்பளத்தில் ஒன்றுமே ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு இருக்கும் 16 மணிக்குத் தகராறு ஏதும் இல்லை, அதை இரட்டை விகிதத்தில் அடுத்த சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். குழு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியது மீதி ஆறு மணி மட்டும்தான். வேலை செய்தாரா, ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்காக உள்ளே இருந்தாரா என்பதே அதில் கேள்வி. தகராறு இல்லாத பணத்தைத் தகராறோடு சேர்த்துக் கட்டிப்போடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. கொடுக்கும்போது, ஷிஃப்ட் பற்றிய குறை தொடர்ந்து பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். "பணம் வாங்கிவிட்டார், எல்லாம் முடிந்தது" என்று யாரும் கோப்பை மூடிவிடக்கூடாது.

நல்ல எண்ணத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. சூப்பர்வைசர் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அந்த அண்ணனை வேறு ஷாப்புக்கு மாற்றிவிடுவார்கள். பத்து வருடம் பிரஸ் ஓட்டியவரைப் பேக்கிங்குக்கு அனுப்பினால், புகார் கொடுத்ததற்குத் தண்டனை என்றுதான் எல்லோரும் படிப்பார்கள், அவர் உட்பட. அவரே கேட்டால் ஒழிய மாற்றாதீர்கள். ஷிஃப்டை மட்டும், குழு முடிவு வரும்வரை பொதுச் சுழற்சிக்குத் திருப்பிவிடலாமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் அவர்மேல் சூப்பர்வைசர் கொடுக்கும் மெமோ எதுவானாலும் உங்கள் மேசைக்கு வந்துவிட்டே போகட்டும்.

சந்திப்பு நேரம் பற்றிக் கடிதத்தில் எழுதியதை வெறும் சொல்லாக விட்டுவிடாதீர்கள். இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் வீட்டுக்குப் போய்ப் படுத்தவரை, குழுவுக்கு வசதி என்று பதினொரு மணிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தால், தூக்கக் கலக்கத்தில் அவர் பாதியை மறந்துவிடுவார். ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்பு மாலையில் வைத்துக்கொள்ளலாம். குழு உறுப்பினர்கள் ஒரு நாள் தாமதமாக வீட்டுக்குப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

குழுவின் முடிவு எப்படிச் செல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பான்மை மட்டும் போதாது, தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவே எட்டப்படவில்லை என்றுதான் சட்டம் கொள்ளும். நிர்வாகத் தரப்பு மட்டும் கையெழுத்துப் போட்ட தாளை "கமிட்டி டெசிஷன்" என்று அவரிடம் நீட்டிப் பயனில்லை.

இதே புகாரை அந்த சூப்பர்வைசர் மட்டத்தில் உள்ள ஒருவர் கொடுத்திருந்தால் வழி வேறு. மேற்பார்வைப் பொறுப்பில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின் "தொழிலாளி" வரையறைக்குள் வரமாட்டார். அவருக்கு உங்கள் கம்பெனியின் சொந்தக் குறைதீர்ப்பு விதிகள்தான், அதில் சொன்ன கெடுதான். கடிதத்தின் அமைப்பு மாறாது, குழுவின் பெயரும் நாட்களும் மாறும், சமரச அலுவலர் பற்றிய வரி போய்விடும்.

கையெழுத்து பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். புகாரை வாங்கியவர் நீங்கள். வாங்கினேன் என்று சொல்ல உங்கள் கையெழுத்தே போதும், பிளாண்ட் மேனேஜர் கையெழுத்து தேவையில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமல் கொடுத்துவிடவும் வேண்டாம், நாளை அவர் உங்களைத்தான் பிடிப்பார். கடித வரைவை உங்கள் எச்.ஆர். தலைவருக்கு மெயிலில் அனுப்புங்கள். வரைவில் இருப்பதைத் தாண்டி ஓ.டி. விவரம், ஷிஃப்ட் விவரம் எதுவும் மெயிலில் வேண்டாம். "மார்ச் 4-ல் வந்த விண்ணப்பத்துக்கு ஒப்புகை இன்று மாலை கொடுக்கிறேன், முப்பது நாள் கெடு ஏப்ரல் 3-ல் முடிகிறது" என்று இரண்டு வரி போதும், வரைவை இணையுங்கள். அனுமதி கேட்கும் தொனி வேண்டாம், தகவல் சொல்லும் தொனி இருக்கட்டும். கொடுக்க வேண்டாம் என்று அவர்களும் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். என் அனுபவத்தில் அதை எழுத்தில் தர யாரும் முன்வந்ததில்லை. அப்படித் தந்துவிட்டால், குறைந்தபட்சம் புகாரின் நகல் ஒன்றில் "பெற்றுக்கொண்டேன், 04.03.2026" என்று எழுதி, உள்வரவு எண்ணைப் போட்டு, கையெழுத்திட்டு அந்த அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். அது உங்கள் வேலைக்குள் அடங்கியது, யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.